எழுதி முடித்த பிறகே பேச்சு: பெரிய குழுவில் கருத்து வேறுபாட்டைத் தீர்க்கும் முறை

ஜவ்வாது மலையில் ஓர் ஊராட்சி என்பது ஒரே ஊரல்ல. சரிவுக்கு ஒன்றும் ஓடைக்கு அப்பால் ஒன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பல சேர்ந்ததுதான் ஊராட்சி. கிராம வனக்குழுவோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ, மகளிர் குழுக்களின் கூட்டமைப்போ கூடினால் இருபத்தைந்து, முப்பது பேர் வந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் சிற்றூரின் குரலாக வருகிறார்கள். தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 1997-இல் தொடங்கியபோது அமைந்த கிராம வனக்குழுக்களும் இப்படிப் பெரியவைதாம். ஆணும் பெண்ணும் குழுவில் சமமாக இருந்தாலும், பேசுகிறவர்கள் நான்கைந்து பேராகவே இருப்பதை இத்தகைய கூட்டங்களுக்குப் போய் வந்த யாரும் பார்த்திருப்பார்கள்.

அந்த நான்கைந்து பேரைக் குறை சொல்லிப் பயனில்லை. கூட்டம் நடக்கும் விதத்திலேயே சிக்கல் இருக்கிறது. முதலில் எழுந்து பேசுபவர் "சமுதாயக் கூடம் கட்டலாம்" என்று சொன்னதும், அடுத்து வரும் பேச்செல்லாம் கூடம் வேண்டுமா வேண்டாமா என்றே சுற்றுகிறது. சாமை குத்திக் குத்தித் தோள்பட்டை நோகும் ஒரு பெண்ணுக்கு உமி நீக்கும் இயந்திரம் பற்றிச் சொல்ல வேண்டும் என்றிருக்கும். தன் முறைக்குக் காத்திருக்கும்போதே பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவர் எழுந்து சொன்னாலும் அது கூடத்துக்கு எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளப்படும். கூடத்தைக் கேட்டவர் ஊர்ப் பெரியவராக இருந்துவிட்டால் சொல்லாமலே உட்கார்ந்துவிடுவார்.

இதற்கு ஒரு தீர்வை ஆண்ட்ரே டெல்பெக், ஆண்ட்ரூ வான் டி வென் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1971-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார்கள். 'பெயரளவுக் குழு முறை' என்று இதைச் சொல்கிறோம். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தாலும் முதலில் யாரும் பேசக்கூடாது. தனித்தனியே எழுத வேண்டும், பிறகு சுற்று முறையில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், கடைசியில் தனித்தனியே தரம் பிரிக்க வேண்டும். இதற்கு அடிப்படையான சோதனை 1958-இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் நடந்திருந்தது. நான்கு பேர் கூடிப் பேசி யோசனை தந்ததையும், நான்கு பேர் தனித்தனியே எழுதியதை ஒன்றாகச் சேர்த்ததையும் ஒப்பிட்டார்கள். தனித்தனியே எழுதியவர்களிடமிருந்து ஏறக்குறைய இரு மடங்கு யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதே கூட்டத்தில் யோசனைகள் குறைவதற்கு முக்கியக் காரணம் என்று 1987-இல் வேறொரு ஆய்வு காட்டியது.

இந்த அத்தியாயத்தில் ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொண்டு முறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திப் பார்ப்போம். நான்கு சிற்றூர்கள், 28 உறுப்பினர்கள். கையில் ஒரு பொது நிதி இருக்கிறது. அதை எதற்குச் செலவிடுவது என்பதில் ஆறு மாதமாகச் சண்டை.

கேள்வியை எழுதுவது

முறையில் பாதி வேலை கேள்வியில்தான் இருக்கிறது. "ஊர் முன்னேற என்ன செய்யலாம்?" என்று கேட்டால் தார்ச்சாலை முதல் கல்லூரி வரை எல்லாம் வரும். அவற்றில் எதையும் இந்தக் குழுவால் செய்ய முடியாது. "கூடம் கட்டலாமா?" என்று கேட்டால் பழைய சண்டை அப்படியே திரும்பி வரும். நம் குழுவுக்கான கேள்வி இப்படி இருக்கலாம்: "நம்மிடம் இருக்கும் இந்தப் பணத்தைக் கொண்டு, வரும் தை மாதத்துக்குள் நம் குழு முதலில் எந்த ஒரு வேலையைச் செய்ய வேண்டும்?" பணம் எவ்வளவு, காலம் எவ்வளவு, செய்வது யார் என்ற மூன்றும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். குழுவில் இல்லாத இரண்டு பேரிடம் கேள்வியை முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதில் பொருளாக இல்லாமல் புகாராக வந்தால், கேள்வியை மாற்றி எழுதுங்கள்.

கேள்வியைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு விளக்கம் சொல்லும்போது எடுத்துக்காட்டாகக்கூட எந்தப் பதிலையும் சொல்லக்கூடாது. "உதாரணத்துக்கு ஒரு தொட்டி…" என்று நடத்துநர் சொல்லிவிட்டால் பாதி அட்டைகளில் தொட்டி வந்து நிற்கும்.

உட்காரும் விதமும் மௌனமாக எழுதுவதும்

ஒரு மேசைக்கு ஐந்து முதல் ஒன்பது பேர் என்பதே இந்த முறையின் அளவு. அதற்கு மேல் போனால் சுற்று நீண்டு ஆட்கள் சலித்துவிடுவார்கள். 28 பேருக்கு ஏழேழு பேராக நான்கு வட்டங்கள் போதும். யார் எங்கே உட்காருவது என்பதை நடத்துநர் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். யோசனை எழுதும் கட்டத்தில் பெண்களுக்கு ஒரு தனி வட்டமாவது இருப்பது நல்லது என்பது என் கருத்து. மாமனாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் மருமகளின் அட்டை காலியாகவே வரும். குழுத் தலைவரை எந்த வட்டத்திலும் நடத்துநராகப் போடாதீர்கள். அவரும் ஓர் உறுப்பினராக உட்கார்ந்து எழுதட்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. நான்கைந்து நிமிடத்திலேயே பலர் எழுதி முடித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் தொடங்குவார்கள். அப்போதுதான் நடத்துநர் உறுதியாக இருக்க வேண்டும். முதலில் எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த பதில். மீதி நிமிடங்களில்தான் அவரவர் வீட்டிலிருந்து வரும் பதில் அட்டையில் ஏறுகிறது.

எழுதத் தெரியாதவர்கள் இருப்பார்களே என்று கேட்பீர்கள். மலைக் கிராமங்களில் இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டுப் போக முடியாது. எழுதும் முறை என்ற பெயரில் எழுதத் தெரிந்தவர்களின் முறையாக இது மாறிவிட்டால், நான்கைந்து பேரே பேசிய பழைய கூட்டமே இதைவிட மேல். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு எழுத்தர் வேண்டும். அவர் அந்த வட்டத்தில் இருப்பவர்களின் சிற்றூரைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது, உறவினராகவும் இருக்கக்கூடாது. பக்கத்து ஊர் மகளிர் குழுவில் கணக்கு எழுதுபவர் இதற்குப் பொருத்தமானவர். எழுதத் தெரியாதவர் சற்றுத் தள்ளிப் போய் அவர் காதில் சொல்வார், சொன்ன வார்த்தையிலேயே எழுத்தர் எழுதிக்கொள்வார். "உமி எடுக்கிற மிசினு" என்று ஒருவர் சொன்னால் அதை "மதிப்புக் கூட்டுதல்" என்று திருத்தக்கூடாது. கணவர் மனைவிக்காக எழுத முன்வந்தால், "அண்ணே, அக்காவே சொல்லட்டும், நான் எழுதிக்கிறேன்" என்று எழுத்தரே வாங்கிக்கொள்ள வேண்டும்.

சுற்று

இப்போது வட்டத்தில் ஒவ்வொருவரும் தம் அட்டையிலிருந்து ஒரே ஒரு யோசனையைச் சொல்வார்கள். சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றில் இன்னொன்று. சொல்ல ஒன்றும் மிச்சமில்லாதவர் "விட்டுடறேன்" என்று சொல்லலாம், அடுத்த சுற்றில் நினைவு வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். சொன்னதை நடத்துநர் சுவர்த்தாளில் எண் போட்டு எழுதுவார். சொன்னவர் பெயரை எழுதுவதில்லை. இந்தக் கட்டத்தில் ஆதரித்தோ மறுத்தோ யாரும் பேசக்கூடாது. பெரியவர் ஒருவர் இடையில் புகுந்தால், "ஐயா, உங்க சுற்று வரும்போது அதையே சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்பது போதும். அவருக்கும் மரியாதை குறையாது, பேசுகிறவருக்கும் இடம் பறிபோகாது.

நான்கு வட்டங்களின் பட்டியலும் பொதுச் சுவருக்கு வந்த பிறகு சேர்த்துப் பிரிக்கும் வேலை. "புளி வைக்க அறை", "புளிக் கிடங்கு" இரண்டும் ஒன்றா? சொன்னவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் அதை விரும்புகிறவர்களின் புள்ளிகள் இரண்டாகப் பிரிந்து இரண்டுமே தோற்கும். எல்லாவற்றையும் "புளி சார்ந்த பணிகள்" என்று ஒரே பையில் போட்டுவிட்டால் அந்தப் பெயருக்கு எல்லோரும் கை தூக்குவார்கள், பிறகு என்ன வாங்குவது என்று மறுபடியும் சண்டை வரும். ஒரு வரியைப் படித்ததும் அதற்கு ஆகும் செலவைக் கேட்டு வர முடிய வேண்டும். அந்த அளவுக்குப் பொருள் தெளிவாக இருந்தால் போதும்.

விளக்கம் கேட்பதும் இங்கேதான். நம் குழுவில் ஆறு பொருள்கள் மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம்: சாமை உமி நீக்கும் இயந்திரம், குடிநீர்க் குழாய், சமுதாயக் கூடம், புளிக் கிடங்கு, இணைப்புச் சாலை சீரமைப்பு, தடுப்பணை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தரக்கூடாது. "இதுக்கு எவ்வளவு ஆகும், யார் பார்த்துக்குவாங்க, இது நம்ம குழு செய்ற வேலையா?" என்ற மூன்று கேள்விகள் மட்டுமே. "இது தேவையே இல்லை" என்று யாராவது சொன்னால் அது விளக்கம் இல்லை, வாதம். அதைத் தரப்படுத்தல் பார்த்துக்கொள்ளும்.

தரப்படுத்தல்: கை தூக்கினால் ஒரு முடிவு, வரிசைப்படுத்தினால் வேறொன்று

ஆறு பொருள்களில் ஒவ்வொருவரும் தமக்கு முக்கியமான மூன்றைத் தேர்ந்து, முதலாவதுக்கு 3, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1 என்று புள்ளி தருகிறார். இப்படி இட வரிசைக்குப் புள்ளி கொடுத்துக் கூட்டும் எண்ணத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் போர்டா 1770-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். நம் குழுவின் அட்டைகளைக் கூட்டினால் இப்படி வருகிறது என்று கொள்வோம்.

கூடத்தை முதலாவதாகப் போட்டவர்கள் 10 பேர், மூன்றாவதாகப் போட்டவர்கள் 2 பேர். மொத்தம் 32 புள்ளி. குடிநீரை முதலாவதாக 8 பேர், இரண்டாவதாக 6 பேர், மூன்றாவதாக 6 பேர், மொத்தம் 42. இயந்திரத்தை முதலாவதாக 6 பேர்தான், ஆனால் இரண்டாவதாக 14 பேர், மூன்றாவதாக 5 பேர், மொத்தம் 51. கிடங்குக்கு 24, சாலைக்கு 17, தடுப்பணைக்கு 2. எல்லாம் சேர்ந்து 168. ஆளுக்கு 6 புள்ளி என்பதால் 28 பேருக்கும் 168 வர வேண்டும். அந்தக் கணக்கு உதைத்தால் ஏதோ ஓர் அட்டை தவறாக நிரப்பப்பட்டிருக்கிறது என்று பொருள், அறிவிக்கும் முன் அதைத் தேடுங்கள்.

கை தூக்கச் சொல்லியிருந்தால் 10 பேரோடு கூடம் வென்றிருக்கும். ஆனால் 16 பேர் தங்கள் மூன்றில் ஒன்றாகக்கூட அதைச் சேர்க்கவில்லை. இயந்திரத்தை முதல் இடத்தில் வைத்தவர்கள் குறைவு, எங்காவது சேர்த்தவர்களோ 25 பேர். ஆறு மாதச் சண்டையில் இது தெரியாமலே போயிருந்தது. ஏனென்றால் யாரும் இரண்டாவது விருப்பத்துக்காகச் சண்டை போடுவதில்லை.

எழுத்து வராதவர்கள் நிறைய இருந்தால் அட்டைக்குப் பதில் விதைகள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படம் ஒட்டிய, வாய் குறுகலான பானை. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு மொச்சை, ஒரு துவரை. புளியங்கொட்டை முதல் இடம், மொச்சை இரண்டாம் இடம், துவரை மூன்றாம் இடம். தடுப்புக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வரலாம். ஒரே வகை விதையை ஆறு கொடுத்து இஷ்டம் போல் போடச் சொல்லும் வழக்கமும் உண்டு. அதில் மொத்தப் புள்ளி கிடைக்கும், ஆனால் எத்தனை பேர் முதல் இடத்தில் வைத்தார்கள், எத்தனை பேர் தொடவே இல்லை என்பது தொலைந்துவிடும். மேலே பார்த்தபடி, முடிவைப் புரிந்துகொள்ள அந்த விவரம்தான் வேண்டும். மூன்று விதையையும் ஒரே பானையில் ஒருவர் போட்டுவிட்டால் கண்டுபிடிக்க முடியாது என்பது இதன் குறை. அப்படி நடக்கக்கூடும் என்று தோன்றினால் ஆறு படங்களும் அச்சிட்ட ஒரு தாளில் மூன்று கோடு, இரண்டு கோடு, ஒரு கோடு போடச் சொல்லலாம். தாள்களை எல்லா வட்டங்களிலிருந்தும் வாங்கிக் கலைத்த பிறகே எண்ண வேண்டும், இல்லாவிட்டால் எந்த வட்டம் எதற்குப் போட்டது என்று தெரிந்துவிடும்.

கூட்டுத்தொகையைப் படிப்பது

கூட்டுத்தொகை வந்ததும் முதல் இடத்தை அறிவித்துவிட்டுக் கலைந்து போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அசல் முறையில் முதல் வாக்கெடுப்புக்குப் பிறகு ஒரு கலந்துரையாடலும், வேண்டுமானால் இரண்டாவது வாக்கெடுப்பும் உண்டு. கலந்துரையாட வேண்டியது வென்ற பொருளைப் பற்றி அல்ல, புள்ளிகள் விசித்திரமாகச் சிதறிய பொருளைப் பற்றி.

நம் குழுவில் அது குடிநீர். இந்தக் கட்டத்தில் பேச்சைத் திறந்துவிட்டால், முதலிடம் தந்த எட்டுப் பேரில் ஏழு பேர் தாமே முன்வந்து மேட்டுச் சிற்றூரைச் சேர்ந்தவர்கள் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். கோடையில் அங்கே ஊற்று வற்றிவிடுகிறது. மற்ற மூன்று சிற்றூர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. அவர்கள் அதை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வைத்தார்கள், சிலர் வைக்கவே இல்லை. 51-க்கு 42 என்று பார்த்து இயந்திரம் வென்றது என்று முடித்தால், தண்ணீர் இல்லாத ஊரைத் தண்ணீர் இருக்கிற ஊர்கள் எண்ணிக்கையால் தோற்கடித்ததாகிவிடும். தரப்படுத்தல் விருப்பங்களை எண்ணும். ஒருவரின் விருப்பமும் இன்னொருவரின் உயிர்த் தேவையும் அதற்கு ஒரே எடைதான். ஒரு பொருளுக்கு ஒரே சிற்றூரிலிருந்து மூன்றும், மற்ற ஊர்களிலிருந்து பூஜ்யமும் ஒன்றும் இரண்டுமாக வந்தால், அதை எண்ணிக்கைக்கு வெளியே எடுத்துத் தனியாகப் பேச வேண்டும்.

பேசினால் வழி பிறக்கலாம். குடிநீர்க் குழாய் இந்தக் குழுவின் நிதியிலிருந்து வர வேண்டியதே இல்லை. வீட்டுக் குழாய் இணைப்புக்கென்று 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் இருக்கிறது, அதற்கு ஊராட்சியும் கிராம சபையும்தான் பாதை. "இது நம்ம குழு செய்ற வேலையா?" என்று விளக்கக் கட்டத்தில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அந்தக் கேள்வியை விட்டுவிட்ட குழு, குடிநீரையும் இயந்திரத்தையும் மோத விட்டுக்கொண்டே இருக்கும். நம் குழு இரண்டாகப் பிரித்து முடிவெடுக்கிறது: குடிநீருக்கு எல்லா உறுப்பினரும் கையெழுத்திட்டு அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டு வருவது, குழு நிதியை இயந்திரத்துக்கு ஒதுக்குவது. ஊராட்சி வழி தாமதமானால், கோடையில் மேட்டுச் சிற்றூருக்குத் தண்ணீர் கொண்டு வரும் செலவைக் குழு ஏற்பதையும் அதோடு சேர்த்துக்கொள்கிறது.

தந்திரமும் நடக்கும். போர்டாவின் முறையை விமர்சித்தவர்கள் அந்தக் காலத்திலேயே இதைச் சொன்னார்கள்: தனக்குப் பிடித்ததற்கு வலுவான போட்டி எதுவோ, அதைத் தெரிந்தே கீழே தள்ளிவிடலாம். கூடம் கேட்ட பத்துப் பேர் பேசி வைத்துக்கொண்டு இயந்திரத்தை விட்டுவிட்டு, யாரும் கேட்காத தடுப்பணைக்கு இரண்டாம் இடம் கொடுக்கலாம். யாரும் ஆதரித்துப் பேசாத ஒரு பொருளுக்கு இரண்டாம் இடங்கள் குவிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அப்போது முதல் மூன்று பொருள்களை மட்டும் வைத்து, இரண்டிரண்டாக நேருக்கு நேர் நிறுத்திக் கேளுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்வதில் ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

தரப்படுத்தக் கூடாதவை

இயந்திரம் என்று முடிவானதும் அடுத்த சண்டை தயாராக இருக்கும்: எந்தச் சிற்றூரில் வைப்பது? இதற்கும் அட்டை கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் தம் ஊருக்கு மூன்று போடுவார்கள், ஆள் அதிகம் உள்ள ஊர் வெல்லும். அதற்கு இந்த முறையே தேவையில்லை, மக்கள்தொகைக் கணக்கு போதும். இடம் போன்ற கேள்வியில் முதலில் எதை வைத்து முடிவு செய்வது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: மோட்டாருக்குப் போதுமான மின் இணைப்பு, மூட்டையோடு வண்டி வந்து நிற்கக்கூடிய பாதை, பூட்டக்கூடிய அறை, மிகத் தொலைவில் உள்ள வீட்டிலிருந்து நடக்கும் தூரம். இந்த அளவுகோல்களை வேண்டுமானால் அட்டையில் தரப்படுத்தலாம். பிறகு நான்கு ஊருக்கும் நான்கு பேர் போய்ப் பார்த்து வந்து எழுத வேண்டும்.

உண்மையா இல்லையா என்ற கேள்விக்கும் உரிமையா இல்லையா என்ற கேள்விக்கும் இந்த முறை ஆகாது. வன உரிமைச் சட்டம் 2006-இன் கீழ் ஒருவர் கேட்கும் நிலம் அவர் உழுததா என்பதை ஆதாரமும் நேரடி ஆய்வும் முடிவு செய்ய வேண்டும், விதை அல்ல. அந்தச் சட்டத்தின் விதிகளில் 2012-இல் செய்த திருத்தத்தின்படி கிராம சபைக்கு உறுப்பினர்களில் பாதிப்பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். இருபத்தெட்டுப் பேரின் புள்ளிப் பட்டியல் அதற்கு ஈடாகாது. தனி ஒருவரின் நடத்தை பற்றிய குற்றச்சாட்டுக்கும் அட்டையை எடுக்காதீர்கள், அது மௌனமாக எழுதிய தீர்ப்பாகிவிடும்.

பதிவேட்டில் எழுதுவது

புள்ளிப் பட்டியல் தானாகத் தீர்மானம் ஆகிவிடாது. அன்றே, கலையும் முன், குழுவின் கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதிப் படித்துக் காட்டிக் கையெழுத்தும் கைரேகையும் வாங்க வேண்டும். கேள்வியை அப்படியே எழுதுங்கள். ஆறு பொருளையும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம், மொத்தம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். குடிநீரை ஏன் தனியாக எடுத்தோம் என்ற காரணத்தை இரண்டு வரியில் சேருங்கள். அட்டைகளையோ தாள்களையோ ஒரு உறையில் போட்டு ஒட்டி, வெவ்வேறு சிற்றூரைச் சேர்ந்த இருவர் கையெழுத்தோடு பதிவேட்டோடு வையுங்கள். நாலு மாதம் கழித்து "எங்க ஓட்டை மாத்திட்டாங்க" என்ற பேச்சு கிளம்பினால் அந்த உறையை எல்லோர் முன்னும் பிரித்து மறுபடி எண்ணிக் காட்டலாம்.

முழுவதற்கும் இரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் பிடிக்கும். காலை பத்து மணிக்குத் தொடங்குவது நல்லது. மதியத்துக்குப் பிறகு தொடங்கினால் கடைசிப் பேருந்தைப் பிடிக்க மேட்டுச் சிற்றூர்க்காரர்கள்தான் முதலில் எழுந்து போவார்கள், கலந்துரையாடலும் இரண்டாவது வாக்கெடுப்பும் அவர்கள் இல்லாமல் நடக்கும். தேர்வாகாத பொருள்கள், 24 புள்ளி வாங்கிய புளிக் கிடங்கும் சேர்த்து, அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் முதல் வரியாகப் போக வேண்டும்.